ஓ.டி. பணம் எந்த வழியாக வருகிறது? சம்பளப் பட்டியலுக்குள் ஒரு எட்டிப் பார்வை

ஒரே ஒரு கட்டத்தில் 17 என்று தட்டினார். திரையில் இருந்த முழு சம்பளச் சீட்டும் அடுத்த நொடியே ஆள் மாறியது. பிரிவு மாறியது, பஞ்சப்படி, பி.எஃப்., தீபாவளி முன்பணத்தில் மீதி, கடைசியில் எழுத்தால் எழுதிய தொகை வரை எல்லாம் மாறியது. 18 என்று தட்டினார். மறுபடியும் வேறொருவர்! எனக்குக் கை பரபரத்தது. "நானும் ஒண்ணு தட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

இடம், கோவையில் பம்புசெட் பாகங்கள் கடையும் ஒரு பட்டறையின் அக்கவுண்ட்ஸ் அறை. வேலை செய்பவர்கள் அறுபது பேர். சம்பளம் போடுவதற்கென்று தனி மென்பொருள் எதுவும் இல்லை. ஓர் எக்செல் கோப்புதான் மொத்தக் கதையும். அதைக் கட்டி வளர்த்து வரும் கணக்காளர் அக்கா, 2025 அக்டோபர் மாதப் பட்டியலைத் திறந்து காட்டச் சம்மதித்தார். பெயர்களை மறைத்துவிட்டு எண்களை மட்டும் பார்க்கலாம் என்பது ஒப்பந்தம். தீபாவளி 20ஆம் தேதி வந்த மாதம் அது. ஆர்டர் முடிக்க ஓ.டி. ஏராளம், முன்பணம் ஏராளம். அதைவிட நல்ல மாதம் கிடைக்குமா!

நாம் பின்தொடரப்போவது 17ஆம் எண்காரரை. லேத் ஆபரேட்டர். அந்த மாதம் அவர் செய்த ஓ.டி. 26 மணி 30 நிமிடம். அது பணமாகி அவர் சீட்டில் வந்து உட்காரும் வரை கூடவே போகலாம், வாங்க.

எண்ணே இல்லாத தாள்

கோப்பில் ஐந்து தாள்கள். `Master` தாளில் ஒவ்வொருவரின் எண், பெயர், நிர்ணயித்த சம்பளம். `Att` தாளில் வருகை. `Rules` தாளில் விகிதங்களும் வரம்புகளும். `Pay` தாளில் கணக்கு. கடைசியில் அச்சுக்குப் போகிற `Slip`.

எனக்குப் பிடித்த ரகசியம் இதுதான்: அந்த `Slip` தாளில் ஊழியர் எண் போடும் கட்டத்தைத் தவிர யாரும் எதையும் தட்டுவதில்லை. மற்ற எல்லாக் கட்டங்களும் `Pay` தாளிலிருந்து இழுத்து வருபவை. நிகரத் தொகைக் கட்டத்தைச் சொடுக்கினால் உள்ளே இருப்பது இது:

```
=INDEX(Pay!$P$5:$P$64, MATCH($B$2, Pay!$A$5:$A$64, 0))
```

B2-வில் இருக்கும் எண்ணை A வரிசையில் தேடு, கிடைத்த வரியில் P வரிசையில் இருப்பதைக் கொண்டு வா. அவ்வளவுதான். புதிய எக்செலில் `XLOOKUP` இருக்கிறது. ஆனால் 2019 பதிப்பில் அது கிடையாது, ஆகவே பட்டறையில் இந்தப் பழைய ஜோடிதான்.

"அந்தக் கடைசி சைபரை விட்டுடாதீங்க" என்றார் அக்கா. விட்டுவிட்டால் `MATCH` சரியான எண்ணைத் தேடாமல், அதற்குச் சமமான அல்லது அதைவிடச் சற்றுக் குறைந்த எண்ணோடு திருப்திப்பட்டுவிடும். வேலையை விட்டுப்போன ஒருவரின் எண்ணைத் தட்டினால் பிழை என்று சொல்லாது. முந்தைய எண்காரரின் சம்பளத்தைப் பளிச்சென்று காட்டும்! சைபர் இருந்தால் நேர்மையாக `#N/A` வரும். வேலையில் இருப்பவருக்கே `#N/A` வந்தால், அவருடைய 17 எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பாராம். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் 17 பெரும்பாலும் எழுத்துதான்.

5,300 ரூபாய் எப்படி 221 ஆகும்?

இப்போது வருகைத் தாள். 17ஆம் எண்காரருக்கு இரவு ஷிப்டும் உண்டு. இரவு 10 மணிக்கு வந்து காலை 6.30க்குப் போனால், போன நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழிக்கும்போது விடை மைனஸில் போகும். எக்செல் மைனஸ் நேரத்தைக் காட்டத் தெரியாமல் கட்டம் முழுக்க `####` என்று நிரப்பிவிடும். மருந்து ஒரே சொல்:

```
=MOD(C5-B5, 1)
```

நள்ளிரவைத் தாண்டினாலும் 8 மணி 30 நிமிடம் என்று சரியாக வருகிறது. குதூகலமாக இருக்கிறது, இல்லையா? இன்னும் இருக்கிறது!

மாதம் முழுவதும் சேர்ந்த ஓ.டி. நேரத்தைக் கூட்டினால் 26:30 வர வேண்டும். சாதாரண நேர வடிவத்தில் கட்டம் 2:30 என்று காட்டும். எக்செலுக்கு 24 மணி நேரம் என்றால் ஒரு நாள். அந்த ஒரு நாளை மடித்து வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால், அந்தச் சதுர அடைப்புக்குள் போன மணி மடியாமல் 26:30 என்று நிற்கும்.

ஆனால் உண்மையான வேடிக்கை அடுத்த கட்டத்தில். 17ஆம் எண்காரரின் மாதச் சம்பளம் 20,800 ரூபாய்: அடிப்படை 10,400, பஞ்சப்படி 5,200, வீட்டு வாடகைப் படி 5,200. இந்தப் பட்டறையில் மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சரியாக 100 ரூபாய். ஓ.டி.க்கு அது இரட்டிப்பு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 59ஆம் பிரிவில், நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணியைத் தாண்டிய வேலைக்குச் சாதாரண ஊதிய விகிதத்தைப் போல் இரு மடங்கு தரச் சொன்னது. அந்தச் சாதாரண விகிதத்தில் அடிப்படையோடு படிகளும் சேரும். ஆகவே மணிக்கு 200 ரூபாய். இருபத்தாறரை மணிக்கு 5,300.

இப்போது 26:30 இருக்கும் கட்டத்தை நேரே 200-ஆல் பெருக்கிப் பாருங்கள். 220.83 வரும்! அக்கா வேண்டுமென்றே செய்து காட்டினார், நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். திரையில் 26:30 என்று தெரிந்தாலும், உள்ளே எக்செல் வைத்திருப்பது நாள் கணக்கு, அதாவது 1.104 நாள். அதை 24-ஆல் பெருக்கினால்தான் மணி ஆகும்.

```
=ROUND(H21*24*J21*2, 0)
```

H21 ஓ.டி. நேரம், J21 மணி விகிதம். நடுவே அந்த 24. கட்டத்தில் 5,300 வந்து உட்கார்ந்தது. எல்லோருடைய ஓ.டி.யும் திடீரென்று நூறு இருநூறாகச் சுருங்கிப்போனால், விட்டுப்போனது இந்த 24 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

0, 1, 0, 0

சம்பாதித்துவிட்டோம். இனி பிடித்தம். இங்கேதான் கோப்பிலேயே அழகான இடம் இருக்கிறது. `Rules` தாளின் மூலையில் ஒரு சின்ன அட்டவணை. ஒவ்வொரு வருமானமும் எந்தெந்தக் கணக்கில் சேரும் என்று ஒன்றும் பூஜ்யமும் மட்டும் சொல்கின்றன.

| கூறு | பி.எஃப். | இ.எஸ்.ஐ. | இ.எஸ்.ஐ. வரம்பு | ஓ.டி. விகிதம் |
|---|---|---|---|---|
| அடிப்படை | 1 | 1 | 1 | 1 |
| பஞ்சப்படி | 1 | 1 | 1 | 1 |
| வாடகைப் படி | 0 | 1 | 1 | 1 |
| ஓ.டி. | 0 | 1 | 0 | 0 |

கடைசி வரியைப் பாருங்கள். நம்முடைய 5,300 ரூபாய் பி.எஃப். கணக்கில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இ.எஸ்.ஐ. பிடித்தத்தில் சேருகிறது. ஆனால் இவருக்கு இ.எஸ்.ஐ. உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் 21,000 ரூபாய் வரம்பில் சேருவதில்லை!

இதன் விளைவு 17ஆம் எண்காரருக்கு மிக நெருக்கமானது. அவர் அந்த மாதம் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறார். ஆகவே 26-இல் 24 நாள் சம்பளம்: அடிப்படை 9,600, பஞ்சப்படி 4,800, வாடகைப் படி 4,800. மொத்தம் 19,200. அதோடு ஓ.டி. 5,300 சேர்ந்தால் 24,500. வரம்பு 21,000, இவர் வாங்குவது 24,500, அப்படியானால் இ.எஸ்.ஐ. கிடையாது என்று புதிதாகக் கணக்குப் போடுபவர் பிடித்தத்தை நிறுத்திவிடுவார். தப்பு. ஓ.டி.யை நீக்கிப் பார்க்க வேண்டும். இவருடைய நிர்ணயித்த சம்பளம் 20,800. வரம்புக்குள்தான் இருக்கிறார். அவரும் குடும்பமும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகும் உரிமை அப்படியே இருக்கிறது. பிடித்தம் மட்டும் 24,500-க்கும் உண்டு.

நடுவில் சம்பளம் உயர்ந்தால்? இ.எஸ்.ஐ.க்கு ஆண்டு இரண்டு பகுதி: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. அக்டோபர் தொடக்கத்தில் உள்ளே இருந்தவருக்கு டிசம்பரில் சம்பளம் 22,000 ஆனாலும் மார்ச் வரை பிடித்தம் தொடரும். அதனால் பட்டியலில் "உண்டு, இல்லை" என்ற கட்டம் மாதாமாதம் மாறுவதில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் மட்டும் புதுப்பிக்கிறார் அக்கா.

ஒரு ரூபாய்க்கும் திசை உண்டு

பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். பெருக்கினால் போதும் என்று நினைத்தேன். இல்லையாம். பைசாவை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதில் இரண்டும் வேறு வேறு.

```
=ROUND(MIN(M21, PF_Cap)*PF_Emp, 0)
=ROUNDUP(ROUND(L21*ESI_Emp, 4), 0)
```

பி.எஃப். பக்கத்து ரூபாய்க்குப் போகிறது. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,400, அதில் 12 சதவீதம் 1,728. பைசாவே வரவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது 15,000 என்ற உச்சவரம்பு. முழு மாதம் வந்திருந்தால் இவருடைய தொகை 15,600, வரம்பில் வெட்டி 15,000-க்கு 1,800 பிடித்திருப்பார்கள். இரண்டு நாள் வராததால் 14,400. முதலில் நாள் கணக்குப்படி குறைத்துவிட்டு, பிறகு வரம்போடு ஒப்பிட வேண்டும். 15,000-ஐ வெட்டிவிட்டு அதை 24/26 ஆக்கினால் 13,846 ஆகும், பி.எஃப். 66 ரூபாய் குறைந்துபோகும். யாரும் உடனே கவனிக்காத, ஆனால் சேமிப்பில் போய்ச் சேராத 66 ரூபாய்.

இ.எஸ்.ஐ. எப்போதும் அடுத்த ரூபாய்க்கு ஏறும். 24,500-இல் 0.75 சதவீதம் 183.75, ஆகவே 184. அது 183.10 ஆக இருந்தாலும் 184-தான். உள்ளே இன்னொரு `ROUND` எதற்கு? கணினியின் இரும எண்களில் தசமங்கள் கச்சிதமாக அடங்குவதில்லை. சரியாக 150 வர வேண்டிய இடத்தில் எங்கோ பத்தாவது பதினைந்தாவது தசமத்தில் ஒரு துளி ஒட்டிக்கொண்டால், மேலே ஏற்றும் `ROUNDUP` அதை 151 ஆக்கிவிடும். முதலில் நான்கு தசமத்துக்கு வெட்டிவிட்டால் அந்தத் துளி உதிர்ந்துவிடும்.

இதைவிடப் பிரபலமான ஒரு ரூபாய்த் தகராறு இருக்கிறது. 42ஆம் எண்காரரைப் பாருங்கள். அடிப்படை 9,400, பஞ்சப்படி 4,200, வாடகைப் படி 2,600, ஒரு நாள் விடுப்பு. 25 நாள் கணக்கில் 9,038.46, 4,038.46, 2,500. பைசாவை மறைக்கும் வடிவத்தில் அச்சிட்டால் சீட்டில் 9,038, 4,038, 2,500 என்று தெரியும். மொத்தம் 15,577 என்று தெரியும். கையால் கூட்டினால் 15,576! மறைந்திருக்கும் இரண்டு அரை ரூபாய்கள் கூட்டலில் சேர்ந்து முழு ரூபாயாகிவிட்டன. "இந்த ஒரு ரூபாய்க்கு எங்கிட்ட வந்து நிக்காத ஆளே இல்லீங்க" என்றார் அக்கா. இப்போது ஒவ்வொரு கூறையும் அதனதன் கட்டத்திலேயே `ROUND` செய்துவிட்டுத்தான் கூட்டுகிறார். திரையில் தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிட்டன.

காணாமல் போகும் வரிகள்

தீபாவளி முன்பணம் 6,000. மாதம் 2,000 வீதம் பிடிக்கிறார்கள். சூத்திரம் வெறும் 2,000 அல்ல, 2,000 அல்லது மீதி, எது குறைவோ அது. கடன் முடிந்த பிறகும் பிடித்துக்கொண்டே போகும் விபத்து இதனால் நடக்காது. சீட்டில் மீதி 4,000 என்றும் அச்சாகிறது.

தொழில் வரி என்ற வரியை 17ஆம் எண்காரரின் சீட்டில் தேடினேன், காணோம். தமிழ்நாட்டில் அது உள்ளாட்சி அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை போகிற வரி. இந்தப் பட்டறையில் செப்டம்பரிலும் மார்ச்சிலும் பிடிக்கிறார்கள். தொகை பூஜ்யமானால் தலைப்பும் சேர்ந்து மறையும்படி செய்திருக்கிறார்.

பிடித்தங்கள் 1,728, 184, 2,000. மொத்தம் 3,912. கையில் வருவது 20,588.

இதை எழுத்தால் அச்சிட வேண்டுமே! எக்செலில் `BAHTTEXT` என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. எண்ணைத் தாய்லாந்து மொழியில், பாட் நாணயத்தில் எழுதித் தரும். ரூபாய்க்கு அப்படி ஒன்று கிடையாது. தட்டிப் பார்த்தேன், நம் லேத் ஆபரேட்டரின் சம்பளம் தாய் எழுத்தில் ஜொலித்தது! தமிழுக்கு அக்கா தானே ஒரு அட்டவணை போட்டிருக்கிறார். அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு வடிவம். பின்னால் ஏதும் இல்லாவிட்டால் இருபதாயிரம், இருந்தால் இருபதாயிரத்து. ஐந்நூறு, ஐந்நூற்று. எது வேண்டும் என்பதை மீதி பூஜ்யமா என்று பார்த்து சூத்திரம் தேர்ந்தெடுக்கிறது. இருபதாயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு ரூபாய் மட்டும்!

அறுபது சீட்டு, ஒரே பொத்தான்

அச்சடிக்க ஒரு குட்டி மேக்ரோ.

```
Sub PrintAll()
  Dim r As Long
  For r = 5 To 64
    Sheets("Slip").Range("B2").Value = Sheets("Pay").Cells(r, 1).Value
    Application.Calculate
    Sheets("Slip").PrintOut
  Next r
End Sub
```

`Pay` தாளின் 5ஆம் வரியிலிருந்து 64 வரை ஒவ்வொரு எண்ணாக எடுத்து B2-வில் போடு, கணக்கிடு, அச்சிடு. பிரிண்டர் உறுமத் தொடங்கியதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். நடுவில் உள்ள `Application.Calculate` சும்மா இல்லை. யாராவது எக்செலில் தானாகக் கணக்கிடுவதை நிறுத்தி வைத்திருந்தால், அந்த வரி இல்லாமல் B2-வில் எண் மட்டும் மாறும், கீழே உள்ள சம்பளம் மாறாது. அறுபது பேருக்கும் ஒரே சம்பளம் அச்சாகும். மின்னஞ்சலில் கேட்பவர்களுக்கு அந்த ஒரு பக்கத்தை மட்டும் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புகிறார். எக்செல் கோப்பாக அனுப்பினால் பின்னால் இருக்கும் தாள்களில் மற்ற ஐம்பத்தொன்பது பேரின் சம்பளமும் கூடவே போய்விடுமே!

நவம்பரில் என்ன ஆனது?

2025 நவம்பர் 21 அன்று நாட்டின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஓ.டி.க்கு இரட்டிப்பு என்பது தொடர்கிறது. ஊதியம் என்பதற்கான வரையறை மாறியது. வாடகைப் படி, ஓ.டி. போன்றவை ஊதியத்துக்கு வெளியே நிற்கும். ஆனால் வெளியே நிற்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டும் உள்ளே வந்துவிடும். நம்மவரின் அக்டோபர் எண்களையே வைத்துப் பார்த்தால், வாடகைப் படியும் ஓ.டி.யும் சேர்ந்து 10,100. மொத்தம் 24,500, பாதி 12,250. தாண்டவில்லை. ஓ.டி. கூடினால் மொத்தமும் கூடும், ஆகவே இன்னும் 4,300 ரூபாய்க்கு ஓ.டி. செய்திருந்தால்தான் அந்த எல்லையைத் தொட்டிருப்பார்.

இதற்காக அறுபது வரிச் சூத்திரங்களையும் திருத்த வேண்டியதில்லை என்பதுதான் அந்த 0, 1 அட்டவணையின் மகிமை. பழைய அட்டவணையை அழிக்காமல், "எந்தத் தேதியிலிருந்து" என்ற ஒரு வரிசையோடு புதியதை அதன் கீழே சேர்க்கிறார். வங்கிக் கடனுக்காக யாராவது ஆறு மாதம் கழித்து அக்டோபர் சீட்டைக் கேட்டு வந்தால், அது அக்டோபர் விதிப்படியே அச்சாக வேண்டும்.

கிளம்பும்முன் அக்கா ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தார். 2025 நவம்பருக்கு முந்தைய உங்கள் சீட்டு ஒன்றை எடுங்கள். ஓ.டி. தொகையை ஓ.டி. மணியால் வகுங்கள், வந்ததை இரண்டால் வகுங்கள், பிறகு 8-ஆலும் 26-ஆலும் பெருக்குங்கள். 17ஆம் எண்காரருக்கு 5,300 என்பது 200 ஆகி, 100 ஆகி, 20,800-இல் போய் நிற்கிறது. உங்கள் நிறுவனம் 30 நாளால் வகுத்தால் 26-க்குப் பதில் 30 போடுங்கள். விடை உங்கள் மாதச் சம்பளமாக வந்தால் இரட்டிப்பு சரியாக வந்திருக்கிறது. அதில் பாதிதான் வந்தால் ஒற்றை விகிதம் போட்டிருக்கிறார்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையோடு நின்றுவிட்டால், ஓ.டி. விகிதத்தில் வாடகைப் படியைச் சேர்க்கவில்லை. எதுவாக இருந்தாலும், அக்கவுண்ட்ஸ் அறைக்குப் போய் எந்தக் கட்டத்தைக் காட்டச் சொல்வது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்!